ஊதா அங்கி அணிந்த மூவர்: சியான் நகரில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: கல்வெட்டுக் காடு

நேற்று இரவு சியானில் வந்து இறங்கினேன். தங்கை மகன் இங்கே மருத்துவம் படிக்கிறான். மூன்று வருடமாக "வாங்க மாமா, வாங்க மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவன் நினைத்தது சுடுமண் வீரர்களைப் பார்க்க வருவேன் என்று. நான் வந்தது வேறு ஒன்றுக்காக. பழைய சீன மொழியை மாலை வகுப்பில் படிக்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. அதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம், தாங் பேரரசர்களின் சபையில் கன்பூசியரும் பௌத்தரும் தாவோ துறவிகளும் எதிரெதிரே உட்கார்ந்து வாதிட்ட கதை. அந்த மூன்றையும் சேர்த்து "மூன்று போதனைகள்" என்பார்கள். சியான்தான் அன்றைய தலைநகர் சாங்ஆன். வாதம் நடந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அன்றன்றைக்கே இங்கே எழுதுவதாகத் திட்டம்.

முதலில் கல்வெட்டுக் காடு. பழைய கன்பூசியக் கோயில் வளாகத்தில் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் தனி மண்டபத்தில் நிற்பது, பேரரசர் சுவான்சோங் 745இல் நிறுத்திய கல். கன்பூசிய மரபின் 'பெற்றோர் பக்தி நூல்' முழுவதையும் தன் கையெழுத்தில், தன் உரையோடு பொறிக்கச் செய்திருக்கிறார். இதே பேரரசர் தாவோ மரபின் ஆசான் லாவோட்சுவின் 'தாவோ தே ஜிங்' நூலுக்கும் உரை எழுதினார், பௌத்தத்தின் வஜ்ரச்சேதிகை சூத்திரத்துக்கும் உரை எழுதினார். மூன்று போதனைக்கும் ஆளுக்கு ஒரு நூல், மூன்றுக்கும் ஒரே உரையாசிரியர். நூல்களுக்கு என்ன பொருள் என்பதைக்கூட அரியணைதான் சொல்லும் என்று அந்தக் கல் நிற்கும் தோரணையே காட்டுகிறது.

நான் தேடிவந்த கல் இரண்டாவது கூடத்தில் இருந்தது. எழுத்துக் கலை பயில்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கல்லைத் தெரியும். லியூ கோங்சுவானின் கையெழுத்து, 28 வரி, முழு வரிக்கு 54 எழுத்து. எலும்பு மாதிரி ஒல்லியாக, விறைப்பாக ஒவ்வொரு கோடும். சீனச் சிறுவர்கள் இதைப் பார்த்துத்தான் தூரிகை பிடிக்கப் பழகுகிறார்கள். எழுத்தின் அழகைப் பார்க்க வருபவர்கள் அது சொல்லும் செய்தியைப் பெரும்பாலும் படிப்பதில்லை. எனக்கு அந்தச் செய்திதான் வேண்டும்.

கல் துவான்ஃபூ என்ற பௌத்தத் துறவியின் நினைவாக 841இல் நிறுத்தப்பட்டது. முதல் வரியில் அவருடைய பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அதில் நடுவே நான்கு எழுத்துகள்: 'சன்ஜியாவ் தான்லுன்'. மூன்று போதனைகளின் வாதம் என்று பொருள். இறந்துபோன துறவியின் பதவிப் பெயரிலேயே அரசவை வாதம் இருக்கிறது! எப்போதோ ஒருநாள் நடந்த சண்டையாக இருந்திருந்தால் பட்டத்தில் ஏறியிருக்காது. கொஞ்சம் கீழே போனால், பேரரசர் தெசோங் இவர் பெயரைக் கேட்டு அழைத்ததும், பார்த்தவுடன் மகிழ்ந்ததும், இவர் அரண்மனைக்குள் அடிக்கடி வந்துபோய் கன்பூசியருடனும் தாவோ துறவிகளுடனும் வாதிட்டதும் வருகிறது. அடுத்த சொற்கள், "ஊதா நிறச் சதுர அங்கி அளிக்கப்பட்டது."

தாங் ஆட்சியில் ஊதா என்பது மூன்றாம் நிலைக்கு மேற்பட்ட பெரிய அதிகாரிகளின் நிறம். உலகைத் துறந்தவருக்கு அரசு அந்த நிறத்தைப் போர்த்தி அனுப்பியது.

இந்த வாசகத்தை எழுதியவர் பெய் சியூ. தேர்வெழுதி அதிகாரத்துக்கு வந்த கன்பூசிய அறிஞர், பின்னாளில் முதலமைச்சர், மனத்தால் தீவிர பௌத்தர். யார் எந்தப் பக்கம் என்று கோடு போட நினைத்தால் முதல் கல்லிலேயே கோடு அழிந்துவிடுகிறது.

மருமகன் கேட்டான், "அப்போ இவங்க சண்டை போட்டாங்களா, கூடிப் பேசினாங்களா மாமா?" மூன்று நாள் பொறு என்றேன்.

இரண்டாம் நாள்: லௌகுவான் மேடு

நகரத்திலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ஜோங்னான் மலையடிவாரம். நவம்பர் பனி மூட்டத்தில் மலை பாதிதான் தெரிந்தது. லாவோட்சு எருமை மேல் ஏறி மேற்கே போகும்போது, கணவாய்க் காவலர் யின் சி அவரை நிறுத்தி, இங்கே அழைத்துவந்து, ஐயாயிரம் எழுத்து எழுதி வாங்கினார் என்பது கதை. அந்த ஐயாயிரம்தான் 'தாவோ தே ஜிங்'. மேட்டின் மேல் சின்னக் கோயில். ஊதுவத்திப் புகை, கால் வழுக்கும் படிக்கட்டு, கொண்டை போட்ட துறவி ஒருவர் துடைப்பத்தால் இலை கூட்டிக்கொண்டிருந்தார்.

இந்தக் கோயிலின் செல்வாக்கு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் அரசவைச் சண்டை பாதி புரிந்துவிடும். 617இல் தாங் குலம் புரட்சிக்குப் படை திரட்டியபோது, இந்த மடத்தின் தலைவர் தன் களஞ்சியத்துத் தானியத்தைக் கொடுத்து உதவினார். வென்றவர்களின் குலப்பெயர் லி. லாவோட்சுவின் குலப்பெயரும் லி என்பது மரபு. புதிய அரச குலத்துக்கு ஒரு மூதாதையர் தேவைப்பட்டார், தாவோ துறவிகளுக்கு ஓர் அரசர் தேவைப்பட்டார். மடத்துக்கு 'முன்னோராகிய ஞானியின் கோயில்' என்று புதுப்பெயர் வந்தது.

அதிலிருந்து கிடைத்தது வரிசையில் முதலிடம். 637இல் பேரரசர் தாய்ட்சோங் ஆணையிட்டார்: சடங்குகளில் தாவோ துறவிகள் பௌத்தத் துறவிகளுக்கு முன்னால் செல்ல வேண்டும். இதை எதிர்த்து மனு கொண்டுபோன ஜிஷி என்ற பௌத்தத் துறவி பிரம்படி வாங்கி நாடுகடத்தப்பட்டார். யார் முன்னால் நடப்பது என்பதற்காகவா இவ்வளவு என்று முதலில் எனக்கும் தோன்றியது. நம்மூர்க் கோயிலில் முதல் மரியாதைக்காக என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தபின் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். பரிவட்டம் யார் தலையில் என்பது யாருக்கும் சின்ன விஷயம் இல்லை.

இடம் மாறிக்கொண்டே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேரரசி வூ 691இல் பௌத்தர்களை முன்னால் கொண்டுவந்தார். அவரைப் புத்த அவதாரமாகக் காட்டும் நூல் விளக்கங்களை அவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 711இல் அவர் மகன் ருய்ட்சோங், இரு தரப்பும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கட்டும் என்று முடித்தார்.

கோயில் திண்ணையில் உட்கார்ந்து மருமகனுக்கு ஃபாலின் கதையைச் சொன்னேன். ஃபாலின் சாங்ஆனின் வாதத் திறமை மிக்க பௌத்தத் துறவி. லாவோட்சு மேற்கே போய்ப் புத்தராக மாறினார், அல்லது புத்தருக்கே பாடம் சொன்னார் என்று தாவோ தரப்பில் பழைய நூல் ஒன்று உண்டு. அதையும் அதைப் போன்றவற்றையும் ஃபாலின் வரிவரியாக மறுத்து எழுதினார். 639இல் ஒரு தாவோ துறவி, இவர் அரச குலத்தின் மூதாதையரைப் பழிக்கிறார் என்று புகார் கொடுத்தார். விசாரணையில் ஃபாலின் பின்வாங்கவில்லை. பேரரசரிடமே, உங்கள் லி குலம் லாவோட்சுவின் வழி இல்லை, வடக்கத்திய தோபா குலத்தின் வழி என்று சொன்னார்.

தாய்ட்சோங் தந்த பதிலில் கொடுமையும் இருந்தது, கூர்மையும் இருந்தது. அவலோகிதேசுவரரை நினைப்பவரை வாள் வெட்டாது என்று உன் நூலில் எழுதியிருக்கிறாய். ஏழு நாள் தருகிறேன், நன்றாக நினைத்துக்கொள், எட்டாவது நாள் வாளைக் கொண்டு சோதிப்போம்.

ஏழு நாள் முடிந்ததும் அதிகாரிகள் வந்து, நினைத்தாயா என்று கேட்டார்கள். ஃபாலின் சொன்னார்: இந்த ஏழு நாளும் நான் அவலோகிதேசுவரரை நினைக்கவில்லை, பேரரசரை மட்டுமே நினைத்தேன். உயிர்களைக் காப்பவர்தான் அவலோகிதேசுவரர், அந்த வேலையை இன்று செய்பவர் பேரரசர்.

தலை தப்பியது. சிச்சுவான் பக்கம் நாடுகடத்தினார்கள், 640இல் வழியிலேயே இறந்துபோனார்.

இது பௌத்தர்கள் எழுதிவைத்த வாழ்க்கைக் கதை, அவர்கள் நாயகனை உயர்த்தித்தான் எழுதுவார்கள். இருந்தாலும் எனக்கு அந்தப் பதில் மனதை அறுக்கிறது. அரசகுலத்துக்குத் தெய்வ மூதாதையர் கிடையாது என்று சொல்லத் துணிந்தவர், கடைசியில் அந்த அரசரையே தெய்வமாக்கித்தான் உயிர் பிழைக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள்: லிந்தே மண்டபம்

தாமிங் அரண்மனை இருந்த இடம் இப்போது பெரிய பூங்கா. கட்டடம் எதுவும் மிச்சமில்லை. மேற்குப் பக்கம் லிந்தே மண்டபத்தின் அடித்தளம் மட்டும் தெரிகிறது. வடக்கு தெற்காக 130 மீட்டர், அகலம் 80 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி மூன்று கூடங்கள் நின்றன, அதனால் 'மூன்று கூடங்கள்' என்றும் பெயர். தூண் இருந்த இடங்களில் கல் வைத்து அடையாளம் காட்டியிருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு நாங்கள் இருவரும், பட்டம் விடும் ஒரு பெரியவரும்தான்.

இங்கேதான் பேரரசரின் பிறந்தநாளில் மூன்று போதனைகளின் வாதம் நடக்கும். 827ஆம் ஆண்டு பத்தாம் மாதம் நடந்த வாதம் நமக்குக் கிடைத்திருக்கிறது, காரணம் அதில் கன்பூசியத் தரப்பில் பேசியவர் கவிஞர் பாய் ஜூயி. பேசியதை எழுதி வைத்துவிட்டார். அரியணையில் அப்போதுதான் ஏறியிருந்த வென்சோங்குக்கு 18 வயது. பாய்க்கு ஐம்பத்தைந்துக்கு மேல், அரச நூலகத்தின் தலைவர். எதிரே அன்குவோ மடத்துப் பௌத்தத் துறவி, தாய்ச்சிங் கோயிலின் தாவோ துறவி யாங் ஹோங்யுவான். பாய் கொடுக்கும் பட்டியலில் மூவர் பெயருக்கும் முன்னால் ஒரே சொல் வருகிறது: ஊதா அளிக்கப்பெற்றவர். முதல் நாள் பார்த்த துவான்ஃபூவும் இதே அன்குவோ மடத்துக்காரர்தான்.

நடைமுறை இப்படி. ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்வார், கேட்டவர் ஒருமுறை மடக்குவார், பதில் சொன்னவர் அதை அவிழ்ப்பார். அப்புறம் முறை மாறும்.

முதலில் துறவி பாயிடம் கேட்கிறார். கவிதை நூலின் ஆறு நெறிகள் என்ன, கன்பூசியஸின் சீடர்களை நான்கு துறையாகப் பிரித்தது எப்படி? கவனியுங்கள், பௌத்தத் துறவி கன்பூசிய நூலிலிருந்து கேட்கிறார். எதிராளியின் நூலைப் படித்துக்கொண்டுதான் வர வேண்டும். பாய் பட்டியலைச் சொல்லிவிட்டு, எதிரே இருப்பவருக்குப் புரியும்படி ஒப்பிடுகிறார். எங்கள் ஆறு நெறி உங்கள் பன்னிரு வகைச் சூத்திரம் மாதிரி. எங்கள் நான்கு துறை உங்கள் ஆறு பாரமிதை மாதிரி. கன்பூசியஸுக்குப் பத்துச் சீடர், புத்தருக்கும் காசியபர், ஆனந்தர், சாரிபுத்திரர் என்று பத்துச் சீடர்.

அடுத்து அவர் சொல்லும் வாக்கியத்துக்காகத்தான் நான் இந்தக் கல்தரையில் நிற்க ஆசைப்பட்டேன். கன்பூசியமும் பௌத்தமும் பெயரிலும் எண்ணிக்கையிலும் மாறுபட்டாலும் அடிப்படையில் வேறுபாடில்லை, "ஒன்றிலிருந்து தோன்றிப் பெயரால் வேறானவை, வேறு பாதையில் போய் ஓரிடம் சேர்பவை" என்கிறார். இதில் முதல் பாதி லாவோட்சுவின் சொல். 'தாவோ தே ஜிங்' முதல் அதிகாரத்திலேயே வருவது. இரண்டாம் பாதி கன்பூசியரின் 'மாற்றங்களின் நூல்' தந்தது. ஒரு கன்பூசியர், ஒரு பௌத்தரிடம், இரு மரபும் ஒன்று என்று சொல்ல, மூன்றாமவரின் வீட்டிலிருந்து சொல் எடுக்கிறார். அந்த மூன்றாமவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன் இதை வகுப்பில் படித்தபோது ஆசிரியர் நிறுத்திச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

துறவி மடக்குகிறார். பெற்றோர் பக்தியில் தலைசிறந்தவர் ஸெங்ட்சு, அவரை ஏன் அந்தப் பத்தில் சேர்க்கவில்லை? நல்ல கேள்வி. பக்திதான் உங்கள் அடித்தளம் என்றால் அதில் முதல்வரை விட்டது எப்படி? பாயின் பதில்: அது அந்த ஒரு சமயத்தில் சொன்ன பட்டியல், அதில் இல்லாததால் அவர் குறைந்தவர் ஆகமாட்டார்.

பாய் தன் முறையில் துறவியிடம், கடுகு விதைக்குள் சுமேரு மலை அடங்கும் என்று விமலகீர்த்தி சூத்திரம் சொல்கிறதே, எப்படி என்று கேட்கிறார். தாவோ துறவியிடம் நீண்ட ஆயுளுக்கான மூச்சுப் பயிற்சி பற்றிக் கேட்கிறார். அப்புறம் யாங் ஹோங்யுவான் பாயிடம் கேட்பதுதான் சூடானது. பெற்றோர் பக்தி நூலில் 'ஒருவரை மதித்தால் கோடிப்பேர் மகிழ்வர்' என்று வருகிறது. ஒருவரை மதித்தால் ஒருவர் மகிழ்வார், இருவரை மதித்தால் இருவர். கோடிப்பேர் எப்படி மகிழ்வார்கள்?

அந்த நூலில் இந்த வரிக்கு முன்னால் தந்தை, அண்ணன், அரசர் என மூவரும் வருகிறார்கள். பாய் அதை அரசர் ஒருவருக்கே சுருக்கிவிடுகிறார். இங்கே ஒருவர் என்றால் பேரரசர், அரசருக்கு இரண்டாமவர் இல்லை, அதனால் 'ஒருவர்'. 18 வயதுப் பிறந்தநாள்காரர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பாயைப் பிடிக்கும், அவருடைய ஏழைகளின் பாட்டுகளைப் பிடிக்கும். இந்தப் பதில் மட்டும் எனக்கு உறுத்துகிறது. மூன்று தரப்பும் எங்கே வந்து சமாதானமாகின்றன என்பதை இது காட்டிக்கொடுக்கிறது.

முடிவில் அவர் சொல்லும் ஒரு வார்த்தை அவரை மீட்டுவிடுகிறது. இந்த மேடையில் பேசும் அதிகாரிகள் வழக்கமாகக் கடைசியில் தங்கள் திறமைகளையும் இலட்சியங்களையும் எடுத்துச் சொல்வார்களாம். என்னிடம் அப்படி எதுவும் இல்லை, விடைபெறுகிறேன் என்று எழுந்துவிடுகிறார்.

"அப்போ இது கூத்துதான மாமா, சண்டை எங்க?" என்றான் மருமகன். பாதி சரி. தெசோங் காலத்து வாதம் ஒன்றைப் பற்றி வரலாற்று நூல், முதலில் மூவரும் ஈட்டியும் கேடயமும் போல் நின்று, கடைசியில் நன்மையில் ஒன்றுசேர்ந்தார்கள் என்கிறது. முடிவு முன்பே தெரிந்த சண்டை. சில பத்தாண்டு கழித்து யிசோங் பிறந்தநாளில், துறவிகளின் வாதம் முடிந்ததும் லி கெஜி என்ற நகைச்சுவை நடிகர் கன்பூசிய வேடத்தில் ஏறி, தானும் மூன்று போதனைகளில் வல்லவன் என்றார். புத்தர் யார் என்று கேட்டார்கள். பெண் என்றார். வஜ்ரச்சேதிகையில் இருக்கைவிரித்து உட்கார்வதைச் சொல்லும் சொற்கள், ஒலியில் 'கணவன் உட்கார, பிள்ளை உட்கார' என்றும் கேட்கும். பெண் இல்லையென்றால் கணவனும் பிள்ளையும் ஏது? லாவோட்சுவும் கன்பூசியஸும் பெண் என்று அதே மாதிரி சிலேடையால் நிரூபித்தார். பேரரசர் விழுந்து விழுந்து சிரித்து, மறுநாள் அவருக்கு ஒரு பதவியே கொடுத்தார்.

நான்காம் நாள்: பெரிய காட்டு வாத்துக் கோபுரம்

சொல்லுக்காக நடந்த உண்மையான சண்டை ஒன்று உண்டு. இன்றைய பதிவு அதற்குத்தான்.

கோபுரம் 652இல் எழுந்தது, இந்தியாவிலிருந்து யுவான் சுவாங் கொண்டுவந்த ஏடுகளைக் காப்பதற்காக. தெற்கு வாசலின் இரு பக்கமும் இரண்டு கல்வெட்டுகள், தாய்ட்சோங்கும் அவர் மகனும் எழுதிய முன்னுரைகள். கம்பிக் கதவு வழியாகத்தான் எட்டிப் பார்க்க முடிந்தது.

சண்டை இந்தக் கோபுரத்துக்கு ஐந்து வருடம் முந்தியது. காமரூபத்து அரசர் பாஸ்கரவர்மன் லாவோட்சுவின் நூலைச் சமஸ்கிருதத்தில் கேட்டார். அதாவது நம் அசாம். 647இல் தாய்ட்சோங் அந்த வேலையை யுவான் சுவாங்கிடம் ஒப்படைத்தார், தாவோ துறவிகளோடு சேர்ந்து செய்யுமாறு உத்தரவு. முப்பதுக்கு மேற்பட்ட தாவோ துறவிகள் கூடினார்கள். அவர்களில் முக்கியமானவர்கள் சாய் ஹுவாங், செங் சுவான்யிங்.

நூலை விளக்கும்போது தாவோ துறவிகள் பௌத்தத்தின் மாத்யமிகம் என்ற தத்துவப் பிரிவின் சாத்திரங்களிலிருந்து சொல் எடுத்தார்கள். யுவான் சுவாங் தடுத்தார். இரு போதனையும் வேறு, எங்கள் சொல்லைக் கொண்டு உங்கள் நூலை விளக்குவது ஏன்? அவர்கள் சும்மா இருக்கவில்லை. உங்கள் செங்சாவோ அந்தக் காலத்தில் லாவோட்சுவின் சொற்களை எடுத்துத்தானே பௌத்தத்தை எழுதினார் என்றார்கள். உண்மைதான். யுவான் சுவாங்கின் பதில்: அப்போது பௌத்தம் புதிது, சூத்திரங்கள் போதவில்லை, கைக்குக் கிடைத்த சொல்லால் தோராயமாகச் சொன்னார்கள். இப்போது மூல நூல்கள் வந்துவிட்டன.

அப்புறம் நூலின் தலையாய சொல், தாவோ. சமஸ்கிருதத்தில் என்ன எழுதுவது? தாவோ துறவிகள் 'போதி' என்று எழுதச் சொன்னார்கள். பிடிவாதம் இல்லை, அவர்களிடம் ஆதாரம் இருந்தது. நூற்றாண்டுகளாகப் பௌத்த மொழிபெயர்ப்பாளர்களே போதியைத் 'தாவோ' என்றுதான் சீனத்தில் எழுதிவந்தார்கள். போதியைத் தாவோ ஆக்கினீர்கள், தாவோவைப் போதி ஆக்க மாட்டீர்களா?

யுவான் சுவாங் மறுத்தார். போதி என்றால் விழிப்பு. தாவோ என்றால் நடக்கும் வழி. அதற்குச் சொல் 'மார்க்கம்'. நம்பவில்லையென்றால் இங்கே இருக்கும் மேற்கு நாட்டவரைக் கேளுங்கள், காலால் நடக்கும் பாதையை என்னவென்று சொல்வீர்கள் என்று. அவர்கள் மார்க்கம் என்று சொல்லாவிட்டால் தவறு என்னுடையது.

தமிழில் இதைப் படிக்கும்போது கிடைக்கும் சுகமே வேறு. நமக்கு மார்க்கம் பாதையும்தான், சமயமும்தான். போதியிலிருந்து புத்தர், புத்தி எல்லாம் நம் காதில் ஒரே குடும்பமாக ஒலிக்கும். அந்த அறையில் எது பணயம் என்பது நமக்கு உடனே தெரிகிறது. 'போதி' என்று போயிருந்தால், லாவோட்சு புத்தரின் ஞானத்தையே முன்கூட்டிச் சொன்னவர் என்று இந்தியாவுக்குச் செய்தி போயிருக்கும். 'மார்க்கம்' என்று போனால், அவர் பல வழிகளில் ஒரு வழி. லாவோட்சுவின் நூலோடு தாவோ துறவிகள் சேர்க்கச் சொன்ன முன்னுரையையும் யுவான் சுவாங் மொழிபெயர்க்க மறுத்தார். பல்லைத் தட்டுவது, உமிழ்நீரை விழுங்குவது பற்றியெல்லாம் அதில் இருக்கிறது, மேற்கில் படித்தால் நாட்டுக்கு வெட்கம் என்றார்.

மொழிபெயர்ப்பாளனாக என் ஓட்டு யுவான் சுவாங்குக்கு. தாவோ பாதைதான். ஆனால் செங் சுவான்யிங் தோற்றுப்போனதாக நான் நினைக்கவில்லை. இருக்கிறது, இல்லை, இரண்டும், இரண்டுமில்லை என்று ஒவ்வொன்றாகக் கழிக்கும் மாத்யமிக முறையைக் கொண்டே அவர் லாவோட்சுவுக்கு எழுதிய உரை நிற்கிறது. சபையில் தடுத்த சொல்லும் முறையும் ஏட்டில் ஏறிவிட்டன. இந்தச் சண்டையை நமக்குச் சொன்ன தாவ்சுவான் பௌத்தர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சமஸ்கிருத மொழிபெயர்ப்பு இன்று இல்லை.

ஐந்தாம் நாள்: ஃபாமென் கோயில்

மேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் பேருந்துப் பயணம். மருமகனுக்கு மறுநாள் தேர்வு, தனியாகத்தான் போனேன்.

முதல் நாள் பார்த்த ஊதா அங்கியின் கல் 841இல் நின்றது. நான்கே ஆண்டில், 845இல், பேரரசர் வூசோங் பௌத்தத்தை அடியோடு பெயர்த்தார். தாவோ துறவிகள் அவர் காதருகே இருந்தார்கள் என்பது ஒரு காரணம். மடங்களின் நிலமும் செம்பும் வரி கட்டாத ஆட்களும் கஜானாவுக்கு வேண்டும் என்பது பெரிய காரணம். 4,600க்கு மேல் மடங்கள் இடிந்தன, 2,60,500 துறவிகள் காவி களைந்து வரிப் பட்டியலில் ஏறினார்கள். அடுத்த ஆண்டு அவர் இறந்ததும் ஆணை திரும்பியது.

ஃபாமெனில் புத்தரின் விரல் எலும்பு இருக்கிறது. துவான்ஃபூவின் கல்லிலேயே இந்த எலும்பை வரவேற்றது வருகிறது. சிலேடைக்குச் சிரித்த அதே யிசோங் 873இல் இதைத் தலைநகருக்கு வரவழைத்தார், மறுவருடம் திரும்பக் கொண்டுவந்து கோயில் நிலவறையில் வைத்து மூடினார்கள். 1987இல் திறந்தபோது நான்கு எலும்புகள் கிடைத்தன. ஒன்று மூலம், மூன்று அதைப் போலச் செய்த 'நிழல் எலும்பு' என்கிறார்கள்.

அருங்காட்சியகத்தில் 874ஆம் ஆண்டுக் கல்வெட்டின் முன் வெகுநேரம் நின்றேன். எழுதியவர் செங்சே என்ற துறவி. வூசோங் உண்மைப் போதனையை அழித்தபோது, ஆணையோடு வந்தவர்கள் நிழல் எலும்பை நொறுக்கி அரச கட்டளையை நிறைவேற்றியதாகக் காட்டினார்கள் என்கிறது. பேரரசரை ஏமாற்றிய செயலுக்கு ஒரு நியாயம் வேண்டுமே. பௌத்தத் துறவி அந்த நியாயத்தைச் சூத்திரத்தில் தேடவில்லை. சமயம் பார்த்து விதியை வளைப்பதற்குக் கன்பூசிய ஞானி மென்சியஸ் பேசிய அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு எழுதுகிறார்: "இது சூழ்நிலைக்கேற்ப நடந்த சான்றோரின் தாவோ."